சலானில் முப்பது, பெட்டிகளில் முந்நூறு

ஆர்டரில் பென்சில் 30. சலானிலும் பென்சில் 30. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். ஆனால் ஆர்டர் எழுதியவர் கேட்டது 30 டஜன், அதாவது 360 பென்சில். சரக்கு அனுப்பியவர் சலானில் எழுதியது 30 பெட்டி. இப்போது கடைகளில் விற்கும் பென்சில் பெட்டிகள் பலவற்றில் பத்துப் பென்சில்தான் இருக்கும். ஆக வந்தது 300. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பொய்யாக எழுதவில்லை. ஆனாலும் அறுபது பென்சில் குறைகிறது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய மே மாதத்தில் நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளில் இப்படி நடக்காத வாரமே இருக்காது. கடைக்காரர் வாட்ஸ்அப்பில் ஆர்டர் அனுப்புகிறார். சரக்கு லாரி ஆபீஸில் வந்து இறங்குகிறது. எடுக்கப் போன பையன் சலானைப் படம் பிடித்து, "அண்ணே, சரக்கு வந்துடுச்சு, சலான் போட்டோ அனுப்பியிருக்கேன்" என்று செய்தி போடுகிறான். கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தையும் பழைய ஆர்டரையும் மாறி மாறிப் பார்த்து, வித்தியாசங்களைக் குறித்து, சப்ளையருக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை எப்படி எழுதினால் வேலை நடக்கும், எப்படி எழுதினால் ஒரு மாதம் போனில் வாக்குவாதமாக இழுக்கும் என்பதை ஒரு மாதிரிக் கணக்கை வைத்துப் பார்க்கலாம்.

புதுக்கோட்டையில் ஒரு ஸ்டேஷனரிக் கடை, சிவகாசியில் ஒரு நோட்டுத் தயாரிப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளர் தன்னுடைய நோட்டுகளோடு பேனா, பென்சில், தாள் போன்றவற்றையும் வாங்கிச் சேர்த்து அனுப்புகிறவர். கடைக்காரர் மே 12-ஆம் தேதி கொடுத்த ஆர்டரில் ஏழு வரி. 192 பக்க நீள நோட்டு 60 டஜன், 96 பக்க நோட்டு 40 டஜன், கட்டம் போட்ட கணக்கு நோட்டு 20 டஜன், பென்சில் 30 டஜன், நீல பால்பாயிண்ட் பேனா 200, A4 தாள் 25 ரீம், ஜியாமெட்ரி பாக்ஸ் 50.

மே 21-இல் வந்த சலான் படத்தில் இருப்பது ஆறு வரி. 192 பக்கம் 10 கட்டு. 96 பக்கம் 8 கட்டு, அல்லது 3 கட்டு; எண் சரியாகத் தெரியவில்லை. கணக்கு நோட்டு 4 கட்டு. பென்சில் 30 பெட்டி. பேனா, நீலம் 100, கறுப்பு 100. A4 தாள் 3 பெட்டி. அடியில் "மொத்த உருப்படி 26" என்று எழுதி ஒரு கையெழுத்து.

முதல் சிக்கல் அந்த எட்டா, மூன்றா என்பது. சலான் புத்தகத்தில் கார்பன் வைத்து எழுதும்போது கீழ்த் தாளில் எழுத்து மங்கலாகத்தான் விழும். எட்டின் இடதுபக்க வளைவு பதியாவிட்டால் அது மூன்று. ஏழின் தலைக்கோடு பதியாவிட்டால் ஒன்று. அதன்மேல் படம் எடுக்கிறவரின் கை நிழல் விழும், தாள் மடிந்திருக்கும், வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும். பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியுமே தவிர எண் தெளியாது. இதற்காகச் சரக்கு எடுக்கப் போகிறவருக்கு முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவைப்பது நல்லது. சலானைத் தரையிலோ மேசையிலோ விரித்து, நேர் மேலே இருந்து, தாளின் நான்கு மூலையும் தெரியும்படி எடுக்க வேண்டும். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் சுருங்காமல் வரும்.

ஆனால் படம் வந்துவிட்டது, எண் தெரியவில்லை. இப்போது என்ன செய்வது? ஊகித்து எழுதிவிடக் கூடாது. சலானிலேயே விடை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பென்சிலும் பேனாவும் ஒரே அட்டைப்பெட்டியில் கட்டப்பட்டு வந்திருக்கின்றன. அது ஒரு உருப்படி. தாள் மூன்று. 192 பக்கம் பத்து, கணக்கு நோட்டு நான்கு. கூட்டினால் 18. மொத்தம் 26 என்றால் மீதி எட்டு. அது மூன்றாக இருந்திருந்தால் மொத்தம் 21 என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆக எட்டு கட்டு, கட்டுக்கு 60 வீதம் 480, ஆர்டர் போட்ட 40 டஜனோடு சரியாக ஒத்துப்போகிறது. இந்தக் கூட்டலைப் போடாமல், "96 பக்க நோட்டு 300 குறைகிறது" என்று கடிதத்தில் எழுதியிருந்தால், சப்ளையர் தன்னிடமுள்ள தெளிவான பிரதியைப் படம் பிடித்து அனுப்பிவிடுவார். பிறகு கடிதத்தில் உள்ள மற்ற ஆறு வரிகளையும் அவர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

ஜியாமெட்ரி பாக்ஸ் வரி சலானில் இல்லவே இல்லை. இங்கேயும் அவசரப்படக் கூடாது. படத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டிருக்கலாம், இரண்டாவது தாள் இருக்கலாம். நம் படத்தில் ஆறாவது வரிக்குக் கீழேயே மொத்தமும் கையெழுத்தும் தெரிகின்றன. தாள் அங்கேயே முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஆகவே பொருள் அனுப்பப்படவில்லை என்று தைரியமாக எழுதலாம். மொத்தமும் கையெழுத்தும் தெரியாத படமாக இருந்தால், முழுத் தாளையும் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

அடுத்தது அலகு. ஆர்டர் டஜனில் இருக்கிறது, சலான் கட்டிலும் பெட்டியிலும் இருக்கிறது. இரண்டையும் நேரடியாக ஒப்பிடவே முடியாது. எல்லாவற்றையும் தனி எண்ணத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். 60 டஜன் என்றால் 720, 10 கட்டு என்றால் 600, குறைவு 120. 20 டஜன் என்றால் 240, 4 கட்டும் 240, சரி. 25 ரீம் கேட்டதற்கு 3 பெட்டி வந்திருக்கிறது. இந்தச் சப்ளையரின் பெட்டியில் பத்து ரீம். ஐந்து ரீம் போட்ட பெட்டிகளும் சந்தையில் உண்டு என்பதால் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆக 30 ரீம், ஐந்து கூடுதல். பெட்டியை உடைக்க வேண்டாம் என்று முழுப் பெட்டியாக அனுப்பியிருப்பார்கள்.

பென்சிலில் எண்ணிக்கையோடு பணமும் மாறுகிறது. டஜன் 60 ரூபாய் என்று பேசியிருந்தால், ஒரு பென்சில் ஐந்து ரூபாய். சப்ளையரின் பில்லில் "30 × 60 = 1,800" என்று இருந்தால் அது 360 பென்சிலுக்கான பணம். வந்த 300 பென்சிலுக்கு 1,500தான் ஆகும். அலகு மாறியதை யாரும் கவனிக்காததால் 300 ரூபாய் அதிகம் போகிறது. சலானோடு நிறுத்தாமல் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதுவரை பார்த்தது எல்லாம் காகிதத்துக்கும் காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். இந்த வேலையில் மிகப் பெரிய தவறு, இத்தோடு நிறுத்திக்கொள்வது என்று நான் நினைக்கிறேன். சலான் என்பது "நான் இவ்வளவு அனுப்பினேன்" என்று அனுப்பியவர் சொல்வது, அவ்வளவுதான். அதன் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், கடைக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது, சரக்கை இறக்கி எண்ணிய கணக்கு. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று எண் வேண்டும்: கேட்டது, சலானில் உள்ளது, வந்தது.

நம் கடைக்காரர் எண்ணிப் பார்த்ததில், கணக்கு நோட்டு நான்கு கட்டுக்குப் பதில் மூன்றுதான் இருக்கிறது. ஆர்டரும் சலானும் இந்த வரியில் கச்சிதமாக ஒத்துப்போயிருந்தன. படத்தை மட்டும் நம்பியிருந்தால் 60 நோட்டு போனதே தெரிந்திருக்காது.

இந்தக் குறைவை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. 192 பக்க நோட்டு 120 குறைந்ததைச் சப்ளையரே சலானில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே வாதத்துக்கே இடமில்லை, மீதியை எப்போது அனுப்புவார் என்பதுதான் கேள்வி. கணக்கு நோட்டுக் கட்டு விஷயத்தில் அவர் அனுப்பியதாகச் சொல்கிறார், நாம் வரவில்லை என்கிறோம். நடுவில் லாரி இருக்கிறது. கட்டு சிவகாசியில் ஏற்றப்படாமலே விட்டுப்போயிருக்கலாம், வழியில் வேறு ஊரில் இறங்கியிருக்கலாம். இதைத் தீர்க்கப் பயன்படும் காகிதம் லாரி ரசீது. அதில் 26 உருப்படி என்று இருந்து, எடுக்கும்போது 25தான் இருந்தது என்றால், அங்கேயே, கையெழுத்துப் போடும் இடத்திலேயே, "25 மட்டும் பெற்றோம், ஒரு நோட்டுக் கட்டு வரவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். படம் எடுப்பது அதற்குப் பிறகு. பல கடைகளில் பையன் முதலில் படம் எடுத்து அனுப்பிவிட்டு, பிறகுதான் எண்ணி, குறிப்பு எழுதுகிறான். கடைக்கு வந்த படத்தில் அந்தக் குறிப்பே இருக்காது. குறிப்பு எழுதிய தாள் லாரி ஆபீஸோடு போய்விடும்.

ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது என்றில்லை, ஆனால் நிரூபிப்பது கடினமாகிவிடும். வாங்குகிறவர் சார்பில் லாரியில் ஏற்றிவிட்டாலே அது அவரிடம் ஒப்படைத்ததற்குச் சமம் என்றுதான் சரக்கு விற்பனைச் சட்டம் தொடக்கத்தில் எடுத்துக்கொள்ளும். வேறு விதமாகப் பேசியிருந்தால் அதன்படி. ஆகவே சப்ளையருக்கு எழுதும் அதே நாளில் லாரி ஆபீஸுக்கும் தனியாக எழுதிவிடுவது பாதுகாப்பு. பொதுச் சரக்கு லாரி நிறுவனத்தின் மேல் வழக்குப் போடும் நிலை வந்தால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம்.

இனிக் கடிதம். இதை மின்னஞ்சலிலும் அனுப்பலாம், கடைத்தாளில் எழுதிப் படம் பிடித்தும் அனுப்பலாம்.

பொருள்: எங்கள் ஆர்டர் எண் 47 (மே 12), தங்கள் சலான் எண் 318 (மே 20): எண்ணிக்கை வேறுபாடு.

ஐயா, வணக்கம். மேற்படி சலானில் கண்ட சரக்கை மே 21 அன்று லாரி ஆபீஸில் எடுத்தோம். சலானின் படத்தை எங்கள் ஆர்டரோடு ஒப்பிட்டும், சரக்கை எண்ணியும் பார்த்ததில் கண்ட வேறுபாடுகளைக் கீழே தந்துள்ளோம். எல்லா எண்ணிக்கையும் தனி எண்ணத்தில். நோட்டுக் கட்டு ஒன்றுக்கு 60, பென்சில் பெட்டி ஒன்றுக்கு 10, தாள் பெட்டி ஒன்றுக்கு 10 ரீம் எனக் கணக்கிட்டுள்ளோம்.

அ. ஆர்டருக்கும் சலானுக்கும் உள்ள வேறுபாடு

192 பக்க நீள நோட்டு: ஆர்டர் 720, சலான் 600, வந்தது 600. குறைவு 120. மே 30-க்குள் அனுப்பவும்.

பென்சில்: ஆர்டர் 360, சலான் 300, வந்தது 300. குறைவு 60. இன்னும் 6 பெட்டி அனுப்பவும். இல்லையெனில் பில்லை 300 பென்சிலுக்கு, ரூ. 1,500 எனத் திருத்தவும்.

பால்பாயிண்ட் பேனா: ஆர்டர் நீலம் 200. சலானிலும் சரக்கிலும் நீலம் 100, கறுப்பு 100. கறுப்புப் பேனாவை ஏற்கவில்லை, தனியாக வைத்துள்ளோம். நீலம் 100 அனுப்பும்போது திரும்ப எடுத்துக்கொள்ளவும்.

A4 தாள்: ஆர்டர் 25 ரீம், சலான் 30, வந்தது 30. கூடுதல் 5 ரீம் தனியாக உள்ளது. இதையும் கறுப்புப் பேனாவோடு எடுத்துக்கொள்ளவும்.

ஜியாமெட்ரி பாக்ஸ்: ஆர்டர் 50, சலானில் இல்லை, வரவில்லை. அனுப்ப இயலுமா என்பதை மே 25-க்குள் தெரிவிக்கவும். தகவல் இல்லையெனில் இந்த வரியை மட்டும் ரத்து செய்ததாகக் கொள்வோம்.

ஆ. சலானுக்கும் வந்த சரக்குக்கும் உள்ள வேறுபாடு

கட்டம் போட்ட கணக்கு நோட்டு: ஆர்டர் 240, சலான் 240, வந்தது 180. ஒரு கட்டு வரவில்லை. லாரி ரசீதில் 26 உருப்படி; பெற்றது 25. ரசீதிலேயே குறிப்பு எழுதியுள்ளோம், அதன் படம் இணைப்பில். தங்கள் பக்கம் ஏற்றிய கணக்கைச் சரிபார்த்துத் தெரிவிக்கவும்.

96 பக்க நோட்டு 480 சரியாக வந்தது. இணைப்பு: ஆர்டர், சலான் படம், குறிப்புடன் கூடிய லாரி ரசீதுப் படம்.

இந்தக் கடிதத்தில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "நீங்கள் குறைவாக அனுப்பிவிட்டீர்கள்" என்று ஓரிடத்திலும் இல்லை. ஆர்டரில் இது, சலானில் இது, எண்ணியதில் இது என்று மட்டும் இருக்கிறது. சப்ளையரிடம் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கப் போகிறவர் பெரும்பாலும் முதலாளி அல்ல, குடோனில் சரக்குக் கட்டுகிறவரோ கணக்கு எழுதுகிறவரோதான். அவருக்குத் தேவை எண்களும், இனி என்ன செய்ய வேண்டும் என்பதும். நான் பார்த்த வரையில் கடிதங்கள் தோற்பது இந்த இரண்டாவதில்தான். குறைவை எழுதிவிட்டு, "ஆவன செய்யவும்" என்று முடித்துவிடுவார்கள். மீதியை அனுப்பச் சொல்கிறார்களா, பில்லில் கழிக்கச் சொல்கிறார்களா, ஆர்டரையே ரத்து செய்கிறார்களா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. தெரியாத வேலையை அவர் நாளைக்கு என்று தள்ளிவைப்பார். பள்ளி திறந்த பிறகு வரும் நோட்டு கடைக்காரருக்குப் பாதி உபயோகம்தான்.

கூடுதலாக வந்த ஐந்து ரீமையும் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். கட்டாயம் எழுத வேண்டும். நேர்மை ஒரு காரணம். இன்னொன்று, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. குறைவாக வந்தால் வாங்குபவர் மொத்தத்தையும் மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் வந்த அளவுக்கு, பேசிய விலைப்படி பணம் கொடுக்க வேண்டும். அதிகமாக வந்தால் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறுக்கலாம்; எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டும். கேட்டதோடு கேட்காத வகையும் கலந்து வந்தால், நம் கறுப்புப் பேனா போல, கேட்டதை ஏற்று மற்றதை மறுக்கலாம். இரு தரப்புக்கும் இடையே வேறு ஏற்பாடோ, அந்த வியாபாரத்தில் வழக்கமோ இருந்தால் அதுதான் முதலில் நிற்கும். முழுப் பெட்டியாகத்தான் அனுப்புவோம் என்பது பல வருடமாக நடந்துவரும் வழக்கம் என்றால், அந்த ஐந்து ரீமை மறுப்பது கடினம்.

மறுத்த பொருளை நம் செலவில் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. மறுக்கிறோம் என்று தெரிவித்தாலே போதும் என்கிறது அதே சட்டத்தின் 43-ஆம் பிரிவு. ஆனால் சொல்லாமல் வைத்திருந்தால், நியாயமான காலம் கடந்த பிறகு ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும். கறுப்புப் பேனாவில் பத்தை எடுத்து விற்றுவிட்டாலும் அப்படித்தான். கடிதத்தில் "தனியாக வைத்துள்ளோம்" என்று எழுதியது அதற்காக. எழுதியபடியே தனியாக வைத்திருக்கவும் வேண்டும், கடையில் விற்கிறவருக்கும் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நாள் கணக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். சப்ளையர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தயாரிப்பாளராக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி அவருக்குப் பணம் கொடுக்கக் கெடு உண்டு. ஒப்பந்தம் போட்டிருந்தாலும் அது 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. அந்த நாளை எண்ணத் தொடங்குவது சரக்கை ஏற்ற நாளிலிருந்து. சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்திருந்தால், அந்த ஆட்சேபத்தைச் சப்ளையர் தீர்த்துவைத்த நாள்தான் ஏற்ற நாள். எழுதவில்லை என்றால் சரக்கு வந்த நாளிலேயே ஏற்றதாகிவிடும். போனில் எத்தனை முறை பேசியிருந்தாலும் சட்டம் கேட்பது எழுத்தைத்தான்.

படங்களைக் கடிதம் அனுப்பியதும் அழித்துவிடக் கூடாது. எடுத்த போனிலேயே மூலப் படம் இருக்கட்டும். விவகாரம் நீதிமன்றம் வரை போனால், மின்னணுப் பதிவுகளுக்கு 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படம் எந்தக் கருவியில் உருவானது என்பதையும் அதில் சொல்ல வேண்டும். நோட்டுக் கட்டு ஒன்றுக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை என்பது உண்மைதான். காகிதச் சலானையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் பெரும்பாலான விவகாரம் அதிலேயே முடிந்துவிடும்.

சப்ளையரின் பதில் பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும். 'அ' பகுதிக்கு உடனே: "192 பக்கம் பைண்டிங்கில் இருக்கிறது, வியாழன் லாரியில் வரும், பென்சிலும் நீலப் பேனாவும் அதோடு." 'ஆ' பகுதிக்குச் சில நாள் ஆகும், குடோனில் விசாரிக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எழுதியிருந்ததால்தான் கணக்கு நோட்டுக் கட்டுக்கான விசாரணை மற்ற சரக்கை நிறுத்திவைக்கவில்லை. ஒரே பட்டியலாக எழுதியிருந்தால், "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்ற ஒரே பதில் எல்லாவற்றுக்குமாக வந்திருக்கும்.

மீதிச் சரக்கு இரண்டாவது சலானோடு வரும். அதைப் பழைய ஆர்டரோடு ஒப்பிட்டால் மறுபடி எல்லா வரியும் குறைவாகத் தெரியும். ஒப்பிட வேண்டியது இந்தக் கடிதத்தோடு: நோட்டு 120, பென்சில் 60, நீலப் பேனா 100. வந்தவற்றைக் கடிதத்தின் பிரதியிலேயே வரிக்கு வரி அடித்துவிட்டு, பக்கத்தில் புதிய சலான் எண்ணை எழுத வேண்டும். அடிபடாத வரி எதுவோ, அதற்கு மட்டும் பில்லில் பணத்தை நிறுத்திக்கொண்டு கிரெடிட் நோட் கேட்கலாம்.